வெள்ளி இரவு, நம்பர் பதினொன்று

"பாட்டி, உங்க நம்பர் நாளைக்குங்க. இன்னைக்கு அந்த டாக்டர் வரவே மாட்டாரு."

கண்டியில், டாக்டர்களை நம்பர் போட்டுப் பார்க்கும் அந்த சனல் சென்டரின் கவுண்டரில் இருந்த சிந்துஜா இரண்டாவது தடவையாகச் சொன்னாள்.

ஆஸியா உம்மா அசையவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, மருமகள் பஸ்னா அனுப்பிய வொய்ஸ் நோட்டைத் தட்டினார். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாமி, டாக்டருக்கு நம்பர் போட்டாச்சு. வெள்ளி இரவு ஏழு மணி, பதினோராம் நம்பர். குடிக்கிற மருந்தெல்லாம் கவரோட எடுத்துட்டு வாங்க. நேரா சென்டருக்கே வாங்க, நாங்க அங்க நிப்போம்."

"கேட்டீங்களா மகள்? வெள்ளி இரவு. பொழுது சாய்ஞ்சு மஃரிபைத் தொழுதுட்டுத்தானே வாறேன்."

கதிரைகளில் யாரோ சிரித்தார்கள். சிந்துஜா சிரிக்கவில்லை. உம்மாவின் போனை வாங்கி மகனுக்கு அழைப்பு எடுத்தாள்.

மகன் இப்ஹாமும் பஸ்னாவும் த்ரீவீல் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"உம்மா, இன்டைக்கு என்ன கிழமை?"

"இதென்ன கேள்வி? வெள்ளி இரவு."

இப்ஹாம் மனைவியைப் பார்த்தான். "பாத்தியா? இதுக்குத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்னு சொன்னேன்."

பஸ்னா மாமியின் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே பேத்திக்குக் கொண்டுவந்த சீனி வாழைப்பழம் நசுங்கியிருந்தது.

உம்மா அதற்கு மேல் விளக்கப் போகவில்லை. தெரிந்ததைச் சொல்லி நாலு பேர் சிரித்த பிறகு என்ன பேச்சு?

மகன் வீட்டில், மேல் அறையில் உம்மாவுக்குப் படுக்கை போட்டிருந்தது. ஜன்னலில் புதுத் திரைச்சீலை.

"ஆருக்கு இந்த அறை?"

"உங்களுக்குத்தான் மாமி," என்றாள் பஸ்னா.

"டாக்டர் மறதின்னு சொன்னா, கெலிஓயாவுல உங்க வீட்டைப் பூட்டிருவோம் உம்மா," என்றான் இப்ஹாம். "அடுப்பை மறந்து வெச்சிட்டுத் தூங்கிட்டீங்கன்னா? தனியா விட ஏலாது."

உம்மாவின் வாப்பா கட்டிய வீடு. பக்கத்துப் பிள்ளைகள் பதினாலு பேர் குர்ஆன் ஓத வருகிற வீடு. உம்மா புதுத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வாயைத் திறக்குமுன் திரைச்சீலை வாங்கியாகிவிட்டது. கெட்டிக்காரி மருமகள்!

மறுநாள் சாயங்காலம், மஃரிபை வீட்டிலேயே தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். பதினோராம் நம்பரைக் கூப்பிடும்போது ஏழரை தாண்டிவிட்டது.

டாக்டர் முத்துலிங்கம் மருந்துக் கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூக்க மாத்திரை ஏதும் உண்டா, காது கேட்கிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். பிறகு மகனையும் மருமகளையும் பார்த்தார்.

"இனி நான் கேக்கிறதுக்கு அம்மாதான் பதில் சொல்லணும். நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது."

இருவரும் தலையாட்டினார்கள்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

உம்மா ஒரு நிமிஷம் மகனைப் பார்த்தார். நேற்று நாளைச் சொன்னதற்குத்தான் சிரித்தார்கள். பயத்துக்காகப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"சனி."

இப்ஹாம் பெருமூச்சு விட்டான். டாக்டர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

உம்மா வருஷம், மாதம் சொன்னார். இருக்கிற இடம் சொன்னார். "சாவி, மல்லிகை, பஸ். இந்த மூணையும் மனசுல வெச்சுக்குங்க, பிறகு கேப்பேன்" என்றார் டாக்டர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். உம்மா விரல் மடக்காமல் கழித்தார். டாக்டர் சொன்னபடி காகிதத்தில் மணிக்கூடு வரைந்து, முட்களைப் பதினொன்று பத்தில் வைத்தார்.

"அந்த மூணு சொல்லு?"

"சாவி, மல்லிகை, பஸ். கெலிஓயா பஸ்ஸா, எந்த பஸ்ஸுன்னு நீங்க சொல்லல்லயே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லாம் சரி. கிழமை ஒண்டுதான் பிழை."

"அதுதான் டாக்டர் பிரச்சினையே," என்றான் இப்ஹாம். "நேத்து இரவும் இப்படித்தான், வெள்ளின்னு சொல்லி ஒரு நாள் முந்தியே வந்து நிண்டாங்க."

டாக்டரின் பேனா நின்றது.

"நேத்து வியாழன் இரவு, வெள்ளின்னாங்க. இன்னைக்கு வெள்ளி இரவு, சனிங்கிறாங்க. மறதிக்காரங்க இவ்வளவு ஒழுங்காப் பிழை விட மாட்டாங்களே! பகல்ல கேட்டா என்ன சொல்வாங்க?"

இப்ஹாம் மனைவி பக்கம் திரும்பினான்.

"காலைல சரியாச் சொன்னாங்க டாக்டர்." பஸ்னாவின் குரல் மெதுவாக வந்தது. "இன்டைக்கு வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகுது, இவருக்கு சட்டையை அயன் பண்ணி வைன்னு என்கிட்ட..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மாமியைப் பார்த்தாள்.

"மஃரிப்..." என்றாள்.

"என்னம்மா?"

"எங்க கணக்குல பொழுது சாய்ஞ்சாலே அடுத்த நாள் பிறந்திரும் டாக்டர். வியாழன் சாய்ஞ்சா வெள்ளி இரவு. வெள்ளி சாய்ஞ்சா சனி இரவு. பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மாமி நேத்து சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்காங்க."

டாக்டர் உம்மாவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஊருக்கே தெரிஞ்சதை வேற சொல்லணுமாக்கும்," என்றார் உம்மா.

டாக்டர் துண்டுச் சீட்டில் இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் எழுதினார். "தைரொய்ட், பி-பன்னிரண்டு. வயசுக்கு ஒருக்காப் பார்த்து வெக்கிறது நல்லது. மத்தபடி மறதின்னு எழுத இங்க ஒண்டுமில்ல."

இப்ஹாம் மனைவியை முறைத்தான். "இவ்வளவு தெரிஞ்சவ நேத்தே சொல்லியிருக்கலாமே?"

பஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சின்ன வயசுல கெலிஓயாவுல எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தந்து ஓதிக் குடுத்ததே மாமிதான். மறந்தது நான்."