டாக்டர் கேட்ட கேள்வி

"என்னைப் பிடிக்காம போச்சான்னு கேக்க ரெண்டு வருஷமா வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கத்தான் தைரியம் வரல," என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டபடி.

கணவன் தலையணையில் சாய்ந்திருந்தான். முந்தாநாள் நெஞ்சுவலி. அன்றே இதயக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மாடிக் கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கிற ஃபிட்டர் அவன். ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுத்துவிட்டவனுக்குச் சொந்த அடைப்பு தெரியாமல் போயிற்று.

"பைத்தியமா நீ? ஆசையெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. உடம்புதான் ஒத்துழைக்கல. காலைல தூங்கி எழும்போது தானா விறைக்குமே, அதுவும் நின்னு போச்சு. வெட்கத்துல சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டேன்."

"நான் குண்டாயிட்டேன், அதான் திரும்பிக்கிறீங்கன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டேன், தெரியுமா?"

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்குக் காலைல டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் சிரிக்கவே இல்ல. ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டினாரு. கேட்டா அசந்துபோயிடுவே."

"சொல்லுங்க."

"ஆசை வந்ததும் நரம்பு வழியா சேதி போகுதாம். ரத்தக் குழாய் தனக்குள்ளேயே துளியூண்டு வாயுவை விடுதாம். அதுல குழாய் தளர்ந்து விரியுது. ரத்தம் பாய்ஞ்சு, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற ரெண்டு தண்டு நிரம்புது. நிரம்பின வீக்கத்துலயே ரத்தம் வெளியேறுற வழியெல்லாம் நசுங்கி மூடிக்குது. மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது! இருபத்தஞ்சு வருஷமா குழாய் வேலை பாக்குறேன், இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்ல."

சொல்லும்போதே அவன் கண்கள் விரிந்தன. அவளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"அந்தக் குழாய் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக் குழாய் மூணு நாலு. சிகரெட்டும் கொழுப்பும் உள்ளே படிஞ்சா எது முதல்ல திணறும்?"

"சின்னது."

"அதேதான்! எல்லாருக்கும் இது இதயத்துல கொண்டுபோய் விடாதாம். சிலருக்குக் கவலை காரணமாம், சிலருக்குச் சர்க்கரை. ஆனா எனக்கு உடம்பு ரெண்டு வருஷம் முன்னாலயே மணி அடிச்சிருக்கு. நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

"அப்பவே டாக்டரைப் பார்த்திருக்கலாமே?"

"எங்க பார்த்தேன்? கடையில நானா மாத்திரை வாங்கினேன். பேர் தெரியக் கூடாதுன்னு அட்டையிலேருந்து பிரிச்சு வாஷர் டப்பாவுல போட்டு வெச்சேன்."

அவள் தலைகுனிந்துகொண்டாள்.

"முழுங்கிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, தொட்டியில தண்ணி ஏறுதான்னு பாக்குற மாதிரி உக்காந்திருப்பேன். ஒண்ணும் நடக்காது. டாக்டர் சொல்றாரு, ஆசையும் தொடுதலும் இல்லாம அது வேலையே செய்யாதாம். மாத்திரை வழியைத்தான் திறக்குமாம், கூப்பிட வேண்டியது நாமதானாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தனியா உக்காந்து யாரைக் கூப்பிட்டீங்க?"

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"முந்தாநாள் மத்தியானம் ஒண்ணு முழுங்கினேன். ஒரு மணி நேரத்துல நெஞ்சு பிசைய ஆரம்பிச்சுது. இங்க வந்ததும் டாக்டர் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? 'ஆண்மைக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா'ன்னு."

"இருக்கு."

"நீ பக்கத்துல நின்னே. 'இல்ல'ன்னுட்டேன். உடனே நாக்குக்கு அடியில ஒரு மருந்து வெச்சாங்க. அதுவும் குழாயை விரிக்கிற மருந்துதான். ரெண்டும் உடம்புல சேர்ந்தா ரத்த அழுத்தம் மடமடன்னு இறங்கி ஆளையே கொண்டுபோயிடுமாம். இன்னிக்கு உண்மையைச் சொன்னதும் டாக்டருக்கு முகமே வெளுத்துப் போச்சு. தெரிஞ்சிருந்தா அந்த மருந்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்னாரு."

அவன் கையை நீட்டிக் காட்டினான். மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

"எனக்கு அழுத்தம் லேசாத்தான் இறங்குச்சாம். சாவு பக்கத்துல வந்து நின்னு பார்த்துட்டுப் போயிருக்கு. எந்தப் புண்ணியம் காப்பாத்துச்சுன்னு தெரியல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன்தான் தேற்றினான்.

"அழாதே. சிகரெட்டை விட்டு, தினம் நடந்தா உடம்பு தேறுமாம். அப்புறம் இதுக்கும் வழி இருக்காம். ஆனா அவரைக் கேக்காம எதையும் முழுங்கக் கூடாது. அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"வரேன். அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அந்த டப்பாவைப் போன மாசமே பார்த்துட்டேன். கடையில காட்டி என்ன மாத்திரைன்னும் கேட்டுக்கிட்டேன். நாளுக்கு நாள் குறையுது, நீங்களோ என் பக்கம் திரும்பல. அப்போ யாருக்காகன்னு வயிறு எரிஞ்சுது."

"அடிப்பாவி! நீ என்னையா சந்தேகப்பட்டே?"

அவள் அவன் கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த ஆத்திரத்துல எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டு பார்வைக்கு அதே மாதிரி இருந்த என்னோட வைட்டமின் மாத்திரையை நிரப்பி வெச்சுட்டேன், நீங்க அன்னிக்கு டாக்டர்கிட்ட 'இல்ல'ன்னு சொன்னது பொய்யே இல்லீங்க."