அவள் எழுதுவது போல

“அந்த மைக் படத்த அமுக்கிட்டுப் பேசுங்க. அதுவே எழுதிக்கும்.”

உள்ளறையிலிருந்து மனைவி சொன்னாள். காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

“இதுல என்ன பெரிய கம்பசூத்திரம்,” என்றான் கடைக்காரன்.

கைப்பேசி அவளுடையது. பூட்டைத் திறக்க இடது கட்டைவிரலை மறுக்காமல் நீட்டியிருந்தாள்.

பதினோரு மணிக்குள் ஆர்டர் போகாவிட்டால், சரக்கு அனுப்பும் அவளுடைய அண்ணன் அழைத்துவிடுவான். கடைக்காரனே அழைத்தால், போனைத் தங்கையிடம் கொடுக்கச் சொல்வான். ஒன்பது வருடமாக அவள்தான் எழுதி அனுப்புகிறாள். இன்றும் அவள் எழுதியதாகவே இருக்க வேண்டும்.

வழியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி இழுப்பறையை முழங்காலால் தள்ளினான். அது முழுதாக மூடவில்லை.

மைக்கை அமுக்கினான். அவளைப் போலவே ‘அண்ணே’ என்று தொடங்கினான். ரெண்டு இன்ச் ஆணி அஞ்சு கிலோ. கதவுக் கீல் நாலு பெட்டி.

எழுத்துகள் ஓடி வந்தன. வந்தவை நின்ற இடத்திலேயே வேறாக மாறி, பிறகு அடங்கின. அடுத்த சரக்கை யோசிக்க நிறுத்தினான். மைக் தானாக அணைந்தது. திட்டிக்கொண்டே மறுபடி அமுக்கினான்.

எல்லாம் ஆங்கில எழுத்து. அவள் தமிழை எழுதுவதும் அந்த எழுத்தில்தான். அவனுக்கு அது வாசிக்க வராது. ஆனால் சரக்குப் பெட்டிகளில் பார்த்துப் பழகிய இன்ச்சும் கிலோவும் கண்ணில் பட்டன. போதும்.

அனுப்பினான்.

இரண்டு குறிகளும் நீலமாயின. உடனே பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. தட்டியதும் அது கடை முழுக்க ஒலித்தது.

“பாப்பா... ‘ஹனி ரெண்டர் இன்ச், ஆண்ட் யூ கிலோ, நாவ் பெட்டி’... நீயா இத அனுப்புன? உன் போன யாரு வச்சிருக்கா? இரு, நானே வர்றேன்.”

கடைக்காரன் உள்ளறைப் பக்கம் திரும்பினான். கதவின் வெளித்தாழ்ப்பாள் அவன் போட்டபடியே இருந்தது.

அவள் விசைப்பலகையில் தமிழ் கிடையாது. எந்த மொழியில் பேசினாலும் அந்த மைக் ஆங்கிலமாகத்தான் கேட்கும். ஒலியில் பக்கத்தில் வரும் ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லைப் பொறுக்கிப் போட்டுவிடும். அண்ணனும் தங்கையும் ஒருமுறை அதைச் சோதித்துப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

அதை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், காலையில் அவன் ஆணி இழுப்பறையில் நசுக்கிய வலது கையை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் லாரிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.