நனைத்துப் பார்த்த துணி

"மன்னிக்கணும் சார், துணி சுருங்குது. நனைச்சுக் காயவெச்சு வெட்ட நாள் பத்தாது. அவசரத்துக்குத் தைச்சா என் வேலை கெட்டுப் போயிடும்."

தையற்காரர் இதைச் சொன்னபோது அவர் மனைவிக்குத் தலையே சுற்றியது.

எதிரே நின்ற மேனேஜருக்கும் அதே கதிதான். புதிதாகத் திறக்கப் போகும் ஹோட்டல். ஊழியர்களுக்கு நூறு சட்டை, பத்தே நாளில். திருப்தியாக இருந்தால் வருடம் முழுக்க ஹோட்டலின் தையல் வேலை எல்லாம் இவர்களுக்கே. சந்துக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும் கடையை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோக அவள் எத்தனை வருடமாய் ஏங்குகிறாள்! அந்த யோகம் துணிக்கட்டுகளோடு வாசல் ஏறி வந்திருக்கிறது. இந்த மனுஷர் அதைத் திருப்பி அனுப்புகிறார்.

நாள் பத்தாவிட்டால் காலரை மட்டும் வெளியே கொடுத்துத் தைத்து வாங்கலாமே என்று மேனேஜர் இறங்கி வந்தார். அதற்கும் முடியாதென்று தலையை ஆட்டினார் தையற்காரர்.

பேசிக்கொண்டே, பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதற்காக அவள் வைத்திருந்த ஊசியை வாங்கி, நூல் கோர்த்து அவளிடமே கொடுத்தார். கை சும்மா இருக்காது அவருக்கு.

பிறகு துணிக்கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேனேஜரோடு தெருமுனைக்குப் போனார். சந்துக்குள் வேன் வராது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

சுருங்கினால் என்ன? எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்தால் அந்த அளவைச் சேர்த்து வெட்டிவிட்டுப் போகலாம். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அளந்து, ஓடிப்போய், வேன் கிளம்புவதற்குள் மேனேஜர் காதில் போட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் வீட்டில் நடக்கிற சண்டை நடக்கட்டும்.

மாதிரிக்கென்று ஹோட்டலிலிருந்து முன்னமே வந்து, நேற்று அவர் நனைத்த துண்டு, இஸ்திரி போட்டபடி மேஜைமேல் கிடந்தது. புதுத் துணி வந்தால் அவர் வழக்கம் இது. அடி ஸ்கேலை வைத்து அதன் இரண்டு முனைக்கும் நேராகத் துணியில் நூல் முடிச்சுப் போடுவார். சாக்பீஸ் தண்ணீரில் போய்விடும், முடிச்சு போகாது. நனைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடி ஸ்கேலை வைப்பார். முடிச்சுகள் எவ்வளவு உள்ளே தள்ளி வந்திருக்கின்றனவோ அவ்வளவு சுருக்கம்.

அவள் ஸ்கேலை வைத்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். இப்போதெல்லாம் கண்ணைவிட விரலைத்தான் நம்புகிறாள்.

ஒரு முடிச்சு இந்த முனையில். இன்னொன்று அந்த முனையில், ஸ்கேலை ஒட்டி அப்படியே.

துணியைத் திருப்பிப் போட்டு, அகலவாக்கில் இருந்த முடிச்சுகளையும் பார்த்தாள்.

ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

பொய். வாடிக்கையாளரிடம் ஒரு பித்தானைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாத மனுஷர், மேனேஜர் முகத்தைப் பார்த்து வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். எதற்கு?

கையில் ஊசி இன்னும் இருந்தது. அவர் கோர்த்துக் கொடுத்த நூல் அதில் தொங்கியது.

அதற்கு முன்னால் அவள் மூன்று தடவை கோர்க்க முயன்று தோற்றிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்!

இந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. தைத்த கை இஸ்திரி போடக்கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாதாம். காலரும் காஜாவும் அவள் வேலை. மற்றதெல்லாம் அவர் தையல். அவர் தைத்ததற்கு அவள் இஸ்திரி போடுவாள், அவள் தைத்த காலருக்கு அவர் போடுவார். காலரைக் கொடுத்தபின் அதைத் திரும்பிப் பார்க்கும் வேலை அவளுக்கு இல்லை.

இன்று டெலிவரிக்கு மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்தாள். காலரின் அடிப்புறம், ஓரத்திலிருந்து கால் இஞ்சில் ஓடும் மேல்தையலைத் தொட்டாள். நேராக ஓடியது. பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் நகத்தால் மெல்ல வருடினாள்.

தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. நூல் இல்லை, வெறும் ஊசித் துளைகள். கோடி மாறாத புதுத் துணியில், ஒரு தடவை துவைக்கும்வரை அவை மறையாது. அந்த வரிசை ஓரத்தை நோக்கிச் சாய்ந்து, நடுவில் உள்ளே வளைந்து, காலர் முனையில் திரும்ப இடம் தெரியாமல் தாண்டிப் போயிருந்தது.

அதுதான் அவள் தைத்தது.

அடுத்த சட்டை. அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அவள் சமையலை முடித்துக் கடைக்கு வருவதற்குள் அவர் உட்கார்ந்து பிரித்து, தைத்து, இஸ்திரி போட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் மடித்து வைத்திருக்கிறார். நாளுக்கு நாலைந்து சட்டை என்றால் சமாளிக்கலாம். பத்து நாளில் நூறு வந்தால்? ஒன்று, கோணல் காலர் இந்தக் கடையை விட்டு வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் அவளிடம் சொல்லியாக வேண்டும். இரண்டுமே அந்த மனுஷரால் ஆகாது. காலரை வெளியே கொடுத்து அவள் வேலையைப் பறிக்கவும் மனசு வராது.

மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டையெல்லாம் நினைத்தாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவர்மேல் அப்படி ஒரு பிரியமும் வந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. சட்டைகளை இருந்தபடியே மடித்து வைத்தாள்.

அவர் உள்ளே வந்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்த முகம். வேன் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்று தலையசைத்தார்.

அவள் ஊசியில் இருந்த நூலை உருவிப் போட்டாள். வெறும் ஊசியை அவரிடம் நீட்டினாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க. கோத்துக் குடுங்க."