ஈரோட்டில் டவர் இல்லை

"உன்னைச் சுத்தமா மறந்துட்டேன் பொற்கொடி. நாளைக்கே உனக்குக் கல்யாணம்னாலும் வந்து நாலு பந்தி சாப்பிட்டு, அஞ்சாவது பந்திக்கு நானே எலை போடுவேன்!"

பிரவின்குமார் சொன்ன வேகத்தில் அவன் கையிலிருந்த முட்டை பஃப்ஸ் நொறுங்கி, பாதி கோயமுத்தூருக்குத் தூள் பறந்தது.

பொற்கொடி நம்பவில்லை. அவள் என்ன, அந்த அவினாசி ரோட்டு பேக்கரியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த வரதராஜுலுகூட நம்பியிருக்க மாட்டார். 'வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க, பிரிஞ்சுரலாம். ஆனா ஃப்ரெண்டா இருப்போம்' என்று போன வருடம் அவள் சொன்னபோது, இதே மேசையில் இவன் அழுத அழுகையில் சிறுவாணி அணை ஒரு அடி ஏறியது.

அன்றிலிருந்து, நடுவில் அவன் வேலையாக ஈரோட்டுக்குப் போயிருந்த இரண்டு மாதம் தவிர, ஞாயிறு தவறாமல் இங்கே டீ. ராத்திரி ஒன்பதுக்கு மேல் மெசேஜ் கூடாது, பழைய கதை பேசக்கூடாது. எல்லாம் அவள் போட்ட சட்டம்.

இன்று அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இவன் மனதில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லையா? அதை வைத்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை டீ தொடர்வதா, நிற்பதா என்று முடிவாகும்.

"வாயில சொன்னா ஆச்சா? போனைக் குடு."

கொடுத்துவிட்டான். பழைய ஆளாக இருந்தால் சிறுநீரகத்தைக் கேட்டாலும் கொடுப்பான், போனைக் கொடுக்க மாட்டான்.

முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் அவள் பெயரைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைத்திருப்பான். இன்று அவள் விரல் தேய்ந்து எலும்பு தெரிகிற அளவுக்குத் தள்ளினாள். ஆபீஸ் குரூப், கேஸ் புக்கிங், எவனோ ஒரு இன்சூரன்ஸ்காரன், எல்லாரையும் தாண்டி அடியில் கிடந்தது: 'பொற்கொடி அன்னூர்'.

"அன்னூரா? எத்தனை பொற்கொடிடா தெரியும் உனக்கு?"

"ஊர் போட்டு வெச்சா தேடறதுக்கு ஈஸி."

அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"எனக்கு மாப்பிள்ளை பாத்திருக்காங்க. கருமத்தம்பட்டி. சொந்தமா தறி ஓட்டறாங்க."

சொல்லிவிட்டு அவன் கையையே பார்த்தாள். டீ கிளாஸ் ஆடவில்லை. ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.

"எத்தனை தறி?" என்றான்.

"பிரவின்!"

"நல்ல எடமான்னு தெரிய வேண்டாமா? சீரியஸாத்தான் கேக்கறேன்."

"நடிக்காதே. வாரா வாரம் பாத்துட்டு, வாரா வாரம் பேசிட்டு, எப்படி மறக்க முடியும்?"

"முடியாது," என்றான் உடனே. "அதான் பாத்துப் பேசிட்டிருந்த வரைக்கும் மறக்கலை. நீ ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் டீ குடிச்சுட்டுப் போயிருவே. நான் திங்களிலிருந்து சனி வரைக்கும் அதையே மென்னுட்டிருப்பேன். 'சாப்டியா'ன்னு ஒரு மெசேஜ் போடுவே. அதுக்கு நான் இருபத்தேழு அர்த்தம் கண்டுபிடிப்பேன். நீ மழை போட்டோ ஸ்டேட்டஸ் வெச்சா, எனக்காகத்தான் மழையே பெஞ்சுதுன்னு நெனைப்பேன். நீ ரெண்டு நாள் பேசாம இருந்தா தேறிருவேன். மூணாம் நாள் ஒரு ஸ்மைலி வரும். மறுபடி முதல்ல இருந்து."

"நான் உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான்..."

"தெரியும் அம்மணி. உன்மேல தப்பே இல்லை. ஆனா எனக்கு அது மருந்தா இல்லை. ஆறுன புண்ணைத் தெனமும் பிச்சுப் பாக்கற மாதிரி இருந்துச்சு. அதான் ஈரோட்டுக்கு மோட்டார் சர்வீஸ் வேலைன்னு ரெண்டு மாசம் போனேன்."

"அங்க டவரே இல்லைன்னியே!"

"ஈரோட்டுல டவர் இல்லைன்னா உலகத்துல எவளாவது நம்புவாளா?"

அவள் நம்பியிருந்தாள். இரண்டு மாதமும் ஒற்றை டிக்கை ஒரு நாளைக்கு அறுபது தடவை எடுத்துப் பார்த்து, ஈரோட்டு டவர்களையெல்லாம் சபித்தபடியே நம்பியிருந்தாள்.

"வாட்ஸ்அப்பையே அழிச்சுட்டேன். முதல் வாரம் செத்தேன். தூக்கமில்லை, சோறில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ல வாறப்பத்தான் தெரிஞ்சுது, காலையிலிருந்து உன்னை நெனைக்கவே இல்லைன்னு. அதுக்கப்புறம்தான் திரும்பி வந்து உன்கூட டீ குடிக்கறேன். இப்பத்தான் பொற்கொடி, நெசமாலுமே ஃப்ரெண்டு. நீ சொன்னது நடந்துருச்சு பாத்தியா?"

அவன் முகத்தைத் துருவினாள். கோபம் இல்லை, வீம்பு இல்லை, அவளைக் குத்திக்காட்டுகிற சந்தோஷம்கூட இல்லை. வெறும் நல்ல முகம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தேதி முடிவானா சொல்லு. எலை போட ஆள் ரெடி," என்று சிரித்துவிட்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினான். சிக்னலில் நின்றபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய டீ ஆடை கட்டிக் கிடந்தது.

போன் அடித்தது. அன்னூரிலிருந்து அப்பா.

"கண்ணு, அந்தப் பிரவின் தம்பிகிட்டச் சொல்லிப்போட்டியா? மூணு நாளாச் சோறுதண்ணியில்லாமக் கெடந்து, 'கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்'னு எங்களை ஒத்துக்க வெச்சுட்டியே... நாங்க சரின்னுட்டோம்னு கேட்டதும் குதிச்சிருப்பாரே! எப்ப ஊட்டுக்கு வாராங்களாம்?"

பொற்கொடி ரோட்டைப் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா... அவரு என்னை மறந்துட்டாருங்க. நானும் நம்பலை. ஆனா நெசமாலுமே மறந்துட்டாருங்கப்பா."