போடாத கையெழுத்து

"என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன். உங்களால ஆனதைப் பார்த்துக்குங்க!"

மேஜையில் அடிக்காத குறையாகச் சொன்னாள் அந்த அம்மா. குழந்தைகள் நலக் குழுவின் அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தலைவிக்குச் சுருக்கென்றது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பெற்றோரைப் பார்த்தாயிற்று. அழுவார்கள், கெஞ்சுவார்கள், கூசாமல் பொய் சொல்வார்கள். இப்படி முகத்துக்கு நேரே மறுத்தவர்கள் இல்லை.

அன்று காலையில்தான், துணியில் மணி கோத்துத் தைக்கும் பட்டறை ஒன்றில் சோதனை நடந்தது. துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஏழு பிள்ளைகளை மீட்டிருந்தார்கள். அதில் கடைசிப் பிள்ளை இந்த அம்மாவின் மகள். வயது பதினொன்று என்று பிறப்புச் சான்றும் சொன்னது, டாக்டரும் சொன்னார். காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் குனிந்து மணி கோக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசிப் பொத்தல். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித் திணறினாள்.

தலைவியின் மகளுக்கும் பதினொன்று. அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தலைவிதான் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

"இதோ பாரும்மா. வேலைக்கு அனுப்ப மாட்டோம், படிக்க வைப்போம்னு ரெண்டு பேரும் இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போட்டா, இன்னைக்கே கூட்டிட்டுப் போகலாம். ஒருத்தர் மாட்டேன்னாலும் விடுதிதான். விட்டுப்போன பாடத்தை அங்க சொல்லிக் கொடுத்து, அப்புறம் வயசுக்கேத்த வகுப்புல சேர்ப்போம்."

பக்கத்தில் நின்ற பெண்ணின் அப்பா கை கூப்பினார். "தப்புதாம்மா. தெரியாம நடந்துபோச்சு. இனிமே படிப்புதான் அவளுக்கு." மளமளவென்று கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மனைவியிடம் நீட்டினார். "போடுடி."

அவள் தொடவில்லை.

"எனக்கு ஆறு வயசுல ஊசியைக் கையில கொடுத்தாங்க. கெட்டிக்காரின்னு ஊரே மெச்சுச்சு. இப்ப இவ மட்டும் எப்படிங்க குழந்தை ஆனா?"

"சட்டம் இருக்கும்மா!"

"சட்டத்துக்கு முன்னாடி பொறந்த நாங்க மட்டும் என்ன மரமா?"

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் ஒன்பது வயசுல அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவன்தாம்மா. அப்போ அதுக்குப் பேரு பொறுப்பு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல தூங்கி விழுந்து அடி வாங்கினேன். என்கிட்ட இருந்து எதை எடுத்துக்கிட்டாங்கன்னு என் பேரப் பிள்ளைங்க விளையாடறதைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது."

"உங்க பேரப் பிள்ளைங்க விளையாடட்டும். என் பொண்ணு வேலைதான் செய்வா."

"அம்மா, போட்டுடும்மா..." மூலையில் இருந்து ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள் மகள். "வீட்டுக்குப் போலாம்மா."

அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள் அவள். மகள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ச்சே, பெத்தவளா நீ!" தலைவிக்கு வாய் தவறி வந்துவிட்டது.

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. உத்தரவை எழுதினார்கள். பதினெட்டு முடியும் வரை விடுதியும் பள்ளியும். மகளை ஊழியர் அழைத்துப் போனார். அழுகை நடைவழியில் தேய்ந்து மறைந்தது.

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு," என்று மனைவியிடம் பல்லைக் கடித்த அப்பா, அலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே பாய்ந்தார். "முதலாளி, காரியம் கெட்டுப்போச்சு..." என்பது உள்ளே வரை கேட்டது.

அதுவரை விறைத்து நின்றவள் சட்டென்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கதவை ஒருமுறை பார்த்தாள். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"மூத்தவளையும் இப்படித்தாம்மா மீட்டாங்க, முன்ன இருந்த ஊர்ல. அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். பத்தே நாள். இந்த மனுஷன் ஊரை மாத்தி, வேற பட்டறையில உட்கார வச்சுட்டாரு. இருபது வயசு இப்ப. ஊசிக் காது தெரியல அவளுக்கு."

தலைவி எழுதி வைத்த உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள்.

"அவர் என்னை வாராவாரம் இழுத்துட்டு வருவாரு. பிள்ளையைக் குடுங்கன்னு நானும் கத்துவேன், உங்க மேல மண்ணை வாரித் தூத்துவேன். எது சொன்னாலும் குடுத்துடாதீங்கம்மா."