கொடுத்துவைத்த எருமை

உலக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தியொன்று, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவரின் கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நேற்று அவர் காதலைச் சொன்னதற்கு, அதே கடையில் கண் பரிசோதிக்கும் பெண் எழுதிய பதில்: "மனசுவிட்டுச் சொன்னதுக்கு நன்றி. நம்ம நட்பை ரொம்ப மதிக்கிறேன்." லென்ஸில் கீறல் தேடுவதுபோல அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறார். "மதிக்கிறாங்களாம் அக்கா. அப்போ கொஞ்சம் இடம் இருக்குல்ல?" கல்லாவில் இருக்கும் அக்கா எட்டிப் பார்க்கிறாள். "‘இப்போதைக்கு’ன்னோ ‘யோசிக்கிறேன்’னோ எங்கேயாவது இருக்கா தம்பி? உன் கை நசுங்காம கதவைச் சாத்தியிருக்கா, அவ்வளவுதான்." கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஃபிரேம் பெட்டிகளோடு வந்தவனின் தோளில் கண் பரிசோதிக்கும் பெண் வெறும் கண்ணாடிக் கூட்டால் சொத்தென்று அடிக்கிறாள். "எருமை, இன்னைக்கும் லேட்டா?" எருமை பல்லைக் காட்டுகிறது. லென்ஸ்காரரின் வயிறு பற்றி எரிகிறது. அவரை அவள் ஒருநாளும் எருமை என்று அழைத்ததில்லை. இனியும் அழைக்க மாட்டாள்.