திங்கட்கிழமை ஏத்தம்

"வர்றோம் முன்ஷிஜி. ஆனா ஞாயித்துக்கிழமை இல்ல, திங்கக்கிழமை" என்றான் கூலி கேங்கின் மேஸ்திரி செபஸ்தியான், குடிசை வாசலில் உட்கார்ந்தபடி.

காண்ட்ராக்டரிடம் கணக்கெழுதும் முன்ஷி சிவஞானத்துக்கு முகம் சுருங்கியது. தீவின் சிப்பிகாட் ஓடைக்கரையில் கிடக்கும் மரங்களைத் தண்ணீரில் தள்ளி, தெப்பமாகக் கட்டிக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை வேலைக்கு வருகிறார்களா என்று காண்ட்ராக்டர் கேட்டுவரச் சொல்லியிருந்தார். பதில் இல்லாமல் திரும்ப முடியாது.

"சீதா பாத், நேராச் சொல்லு மேஸ்திரி. வருவியா, மாட்டியா?"

"வருவேன். திங்கக்கிழமை."

குடிசைக்குள்ளிருந்து செபஸ்தியானின் மனைவி கிரேசி கரண்டியோடு வந்தாள். "என்ன வழவழன்னு பேச்சு? ஈஸ்டர் அன்னிக்குப் பூசையை விட்டுட்டு மரம் தள்ள இங்க யாரும் வரல. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க!"

சிவஞானம் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "அக்காவே சொல்லிட்டாங்க. அப்ப முடியாதுன்னு போய்ச் சொல்லிடவா?"

"அது அவ கோபம். கேங் பேச்சு என் வாயிலதான் வரணும்" என்ற செபஸ்தியான், மனைவியிடம் குரலைத் தணித்தான். "லேபர் ஆபீசுல என்ன பேசினோம்? சீசன் முடியுற வரைக்கும் வேலை நம்மளுது. கூப்பிட்டு ஒரு தடவை மாட்டேன்னா வேலையும் போச்சு, குடிசையும் போச்சு. புள்ளைங்களை எங்க படுக்க வைப்ப?"

குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக ஆட்கள் வந்து சூழ்ந்து நின்றார்கள்.

சிவஞானத்துக்கு உறுத்தியது. இவ்வளவு நிதானமாக இவன் பேசி அவன் பார்த்ததில்லை. உள்ளே எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறான்.

"ஞாயித்துக்கிழமைக்கு வேற எவன்கிட்டயாவது கை நீட்டிட்டியா?"

"ஆமா, சாமிகிட்ட. அங்க கூலி கிடையாது."

ஆட்கள் சிரித்தார்கள். சிவஞானம் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை ஒத்துவராது."

"ஏன் ஒத்துவராது? கப்பல் வியாழக்கிழமைதானே மரம் ஏத்துது? காரணத்தைச் சொல்லுங்க. லேபர் ஆபீசர் கேட்டா நானும் அதையே சொல்லணுமில்ல?"

"முதலாளி சொன்ன நாள் ஞாயித்துக்கிழமை" என்றான் சிவஞானம்.

செபஸ்தியான் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான். "சனிக்கிழமை பௌர்ணமி. கடல் ஏத்தம் அன்னிக்கே உச்சிக்கு வராது, ஒண்ணு ரெண்டு நாள் தள்ளித்தான் வரும். ஞாயித்துக்கிழமை தள்ளினா மேட்டுல கிடக்கிற மரம் பாதி சேத்துலயே நிக்கும். திங்கக்கிழமை காலையில தண்ணி அதுங்க அடிக்கே வந்துடும், கை வச்சாப் போதும். நாளை மாத்தினா எங்களுக்குப் பூசை, முதலாளிக்கு முழு மரம். தெப்பம் கட்ட வேண்டிய பிரம்பெல்லாம் சனிக்கிழமையே வெட்டிக் கரையில போட்டுடுறோம். வேற என்ன வேணும்?"

இதில் எங்கே ஓட்டை என்று சிவஞானம் தேடினான். மழுப்புகிறவன் சாக்குச் சொல்லுவான், நாளைச் சொல்ல மாட்டான். இவன் நாளையும் சொல்லி, வேலையையும் முன்னதாகவே தொடங்குகிறேன் என்கிறான்.

"திங்கக்கிழமை வந்தா இன்னொரு நொண்டிச் சாக்கு சொல்லுவ."

"இத்தனை பேர் முன்னால சொல்றேன். ஏத்தம் உச்சிக்கு வர்றதுக்குள்ள நாங்க ஓடையில நிக்கலைன்னா, யாரும் சொல்ல வேணாம், நாங்களே குடிசையைக் காலி பண்றோம்."

கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள்.

சிவஞானம் கடைசியாக ஒன்று செய்து பார்த்தான். குரலில் தேன் தடவி, "மேஸ்திரி, எனக்காக. ஞாயித்துக்கிழமை முடியாதுன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் முதலாளிகிட்ட பக்குவமாப் பேசிக்கிறேன்" என்றான்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே முன்ஷிஜி. வர்றோம்னுதானே சொன்னேன்?"

சட்டையெல்லாம் வியர்வையாக, சிவஞானம் ஒற்றையடிப் பாதையில் ஏறிச் சாலைக்கு வந்தான்.

லாரியோடு காத்திருந்த காண்ட்ராக்டர் ஆவலாக முன்னால் வந்தார். "என்னய்யா, மாட்டேன்னுட்டானா?"

சிவஞானம் லாரியைப் பார்த்தான். மெயின்லாந்திலிருந்து பாதிக் கூலிக்குக் கூட்டிவந்த புது ஆட்கள், அந்தக் குடிசைகளில் குடியேறுவதற்காகத் தகரப்பெட்டிகளோடு அதில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.